எச்சம் காண எந்த வழி: லாரண்ட் தொடரா, வகைக்கெழு வாய்பாடா, சுருக்கு வழியா?

கலப்பெண் பகுப்பாய்வு படிப்பவர்கள் பலர் எச்சத் தேற்றத்தைப் புரிந்துகொண்ட பிறகும் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறார்கள். ஒரு சிறப்புப்புள்ளியில் எச்சத்தைக் கணிக்க மூன்று நான்கு வழிகள் பாடநூலில் அடுத்தடுத்துத் தரப்பட்டிருக்கின்றன. கண்முன் இருக்கும் கணக்கிற்கு அவற்றுள் எதை எடுப்பது என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. அந்தத் தேர்வைப் பற்றியதே இக்கட்டுரை. கூடுமானவரை ஒரே சார்பை எடுத்துக்கொண்டு, அதன் வெவ்வேறு புள்ளிகளில் வெவ்வேறு வழிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்போம்:

```
f(z) = 1 / (z² sin z)
```

முதலில் எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். a என்ற புள்ளியைச் சுற்றி, அப்புள்ளி நீங்கலாக, f பகுமுறைச் சார்பாக இருந்தால், அதை (z−a) இன் நேர் அடுக்குகளும் எதிர் அடுக்குகளும் கொண்ட லாரண்ட் தொடராக எழுதலாம். பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான பியர் அல்போன்ஸ் லாரண்ட் 1843இல் முன்வைத்த முடிவு இது; வயர்ஸ்ட்ராஸ் 1841இலேயே இதைக் கண்டிருந்தும் அவருடைய கட்டுரை 1894இல்தான் அச்சேறியது. அத்தொடரில் 1/(z−a) இன் கெழுவே எச்சம். தொடரை a-ஐச் சுற்றிய சிறு வட்டத்தில் உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் ஏனைய அடுக்குகள் அனைத்தும் சுழியாகிவிட, இந்த ஓர் உறுப்பு மட்டும் 2πi என்ற மடங்குடன் எஞ்சுகிறது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது, சிறப்புப்புள்ளியின் வகையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று அந்த வழி எதிர்பார்க்கிறதா என்பது. இரண்டாவது, கையால் செய்யும்போது ஆகும் உழைப்பு. மூன்றாவது, நாம் தவறு செய்தால் அது தானாக வெளிப்படுமா, அல்லது நம்பத்தகுந்த தோற்றத்துடன் ஒரு பிழையான விடை வந்து நிற்குமா என்பது. பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கருத்தில் மூன்றாவதே முக்கியமானது. ஏனெனில் எச்சம் ஒரே ஓர் எண், அதை வெறுமனே பார்த்து அது சரியா தவறா என்று சொல்ல முடியாது.

## தேர்வுக்கு முன்: வகையை அறிதல்

தனித்த சிறப்புப்புள்ளிகள் மூவகைப்படும். லாரண்ட் தொடரில் எதிர் அடுக்குகளே இல்லையென்றால் அது நீக்கத்தக்கது. முடிவுள்ள எண்ணிக்கையில் இருந்தால் துருவம். முடிவின்றி இருந்தால் இன்றியமையாதது. புள்ளியை நெருங்கும்போது சார்பின் மட்டு வரம்புக்குள் நின்றால் முதல் வகை, எத்திசையிலிருந்து நெருங்கினாலும் முடிவிலியை நோக்கிச் சென்றால் இரண்டாம் வகை, இரண்டும் இல்லாமல் திசைக்கொன்றாக நடந்துகொண்டால் மூன்றாம் வகை என்றும் இதையே சொல்லலாம்.

நடைமுறையில் பெரும்பாலான கணக்குகளுக்குத் தொடரை முழுதாக எழுத வேண்டியதில்லை. தொகுதியும் பகுதியும் அப்புள்ளியில் எத்தனையாம் வரிசையில் சுழியாகின்றன என்று எண்ணினால் போதும். நம் சார்பில் z = 0 என்ற இடத்தில் z² இரண்டாம் வரிசையிலும் sin z முதல் வரிசையிலும் சுழியாவதால், பகுதியின் மொத்த வரிசை மூன்று; தொகுதி 1 என்பதால் எதுவும் கழியாது. ஆகவே அங்கே மூன்றாம் வரிசைத் துருவம். z = nπ என்ற ஏனைய புள்ளிகளில் sin z மட்டுமே, அதுவும் முதல் வரிசையில், சுழியாகிறது; அவை எளிய துருவங்கள். மாறாக (1 − cos z)/z⁵ என்ற சார்பில் பகுதியை மட்டும் பார்த்து ஐந்தாம் வரிசை என்று சொல்லிவிடக்கூடாது. தொகுதி இரண்டாம் வரிசையில் சுழியாவதால் எஞ்சுவது மூன்றாம் வரிசையே.

இந்த எண்ணிக்கை செல்லாத இடங்களும் உண்டு. 1/sin(1/z) என்பதற்கு 1/(nπ) என்ற புள்ளிகளிலெல்லாம் துருவங்கள் இருக்கின்றன. அவை சுழியத்தில் வந்து குவிகின்றன. log z, √z போன்றவற்றுக்குச் சுழியம் கிளைப்புள்ளி. இவ்விரண்டு நிலைகளிலும் சுழியம் தனித்த சிறப்புப்புள்ளி அன்று. அங்கே எச்சம் என்ற ஒன்றே இல்லை என்பதால் வழியைத் தேர்வது பற்றிய கேள்வியும் எழாது.

## வழி 1: லாரண்ட் தொடரை நேரே எழுதுதல்

வகையை அறியாமலே தொடங்கக்கூடிய ஒரே வழி இதுதான். எழுதி முடிக்கும்போது வகையும் எச்சமும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம் சார்பில் z = 0 அருகே sin z இலிருந்து ஒரு z-ஐ வெளியே எடுத்தால்:

```
sin z   = z (1 − z²/6 + z⁴/120 − …)
1/sin z = (1/z)(1 + z²/6 + 7z⁴/360 + …)
f(z)    = 1/z³ + 1/(6z) + 7z/360 + …
```

எச்சம் 1/6. அடைப்புக்குள் இருப்பதைத் தலைகீழாக்கப் பெருக்குத் தொடரைப் பயன்படுத்தினோம்: 1/(1−u) = 1 + u + u² + …, இங்கே u = z²/6 − z⁴/120 + …. எச்சத்திற்கு மட்டுமே வேலை என்றால் 7z⁴/360 தேவையே இல்லை. வெளியே 1/z³ நிற்பதால் அடைப்புக்குள் z² இன் கெழு மட்டும் போதும். அதற்கு மேல் எழுதுவது வீண் உழைப்பு, அதற்குக் கீழே நிறுத்துவது பிழை.

இவ்வழியின் மறைவான செலவு இங்குதான் இருக்கிறது. இரண்டு தொடர்கள் பெருக்கலில் வரும்போது உறுப்புகளைச் சீக்கிரம் வெட்டிவிடுகிறோம். e^z/(z² sin z) என்பதை எடுத்துக்கொண்டால், அடைப்பு (1 + z + z²/2 + …)(1 + z²/6 + …) என்றாகிறது; z² இன் கெழு 1/2 + 1/6 = 2/3. e^z ஐ 1 + z என்று நிறுத்தியவருக்கு 1/6 கிடைக்கும். அந்த விடையில் பிழைக்கான அறிகுறி எதுவும் இராது. எனவே எழுதத் தொடங்கும் முன்பே எந்த அடுக்குவரை வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு தொடரையும் அந்த அடுக்குவரை எழுதுவதே பாதுகாப்பு.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. ஒரே மையத்தைச் சுற்றி ஒரு சார்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட லாரண்ட் தொடர்கள் இருக்கலாம். எந்த வளையப் பகுதியில் விரிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கெழுக்கள் மாறும். 1/(z(z−1)) ஐச் சுழியத்தை மையமாக வைத்து இருவிதமாக விரிக்கலாம்:

```
0 < |z| < 1 :  −1/z − 1 − z − z² − …
|z| > 1     :  1/z² + 1/z³ + 1/z⁴ + …
```

இரண்டாவதில் எதிர் அடுக்குகள் முடிவின்றித் தொடர்வதைப் பார்த்துச் சுழியம் இன்றியமையாத சிறப்புப்புள்ளி என்று எழுதிவிடுவோர் உண்டு. 1/z இன் கெழு சுழி என்பதால் எச்சமும் சுழி என்று அடுத்த வரியில் எழுதுவார்கள். இரண்டும் தவறு. புள்ளியின் வகையையும் எச்சத்தையும் சொல்லும் உரிமை அப்புள்ளியை ஒட்டிய வளையத்தில், அதாவது அடுத்த சிறப்புப்புள்ளி வரை மட்டும் நீளும் வளையத்தில், செல்லுபடியாகும் தொடருக்கே உண்டு. ஆகவே சுழியம் எளிய துருவம், எச்சம் −1. வெளி வளையத்தில் கிடைத்த 0 என்பது வேறொன்றைச் சொல்கிறது: சுழியத்தில் −1, ஒன்றில் +1 என்ற இரு எச்சங்களின் கூட்டுத்தொகை. இதைத் திட்டமிட்டே பயன்படுத்தும் வழி ஒன்று பின்னால் வருகிறது.

இன்றியமையாத சிறப்புப்புள்ளி என்றால் பொதுவாகத் தொடரைத்தான் எடுத்தாக வேண்டும். z² e^(1/z) இல் 1/z இன் கெழு 1/3!, அதாவது 1/6, என்று ஒரே பார்வையில் தெரிகிறது. e^(z + 1/z) இல் இரு தொடர்களைப் பெருக்கும்போது 1/z க்கு முடிவிலா எண்ணிக்கையில் உறுப்புகள் பங்களிக்கின்றன; எச்சம் Σ 1/(n!(n+1)!) என்ற கூட்டுத்தொகையாக நின்றுவிடுகிறது. 1 + 1/2 + 1/12 + 1/144 + … என்று கூட்டினால் அது ஏறத்தாழ 1.5906. இதற்கு வகைக்கெழு வாய்பாடு எதுவும் உதவாது.

## வழி 2: m ஆம் வரிசைத் துருவத்திற்கான வகைக்கெழு வாய்பாடு

```
Res(f, a) = 1/(m−1)! · lim (z→a) d^(m−1)/dz^(m−1) [ (z−a)^m f(z) ]
```

மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது இதைத்தான். ஆகவே பொருந்தாத இடத்திலும் இதையே எடுக்கிறார்கள். நம் சார்புக்கு z = 0 இல் m = 3 என்று வைத்துப் பார்ப்போம். z/sin z ஐ இருமுறை வகையிட வேண்டும்:

```
(z/sin z)'' = (z + z cos²z − sin 2z) / sin³z
```

z = 0 எனப் பிரதியிட்டால் 0/0. லோப்பித்தால் விதியை மும்முறை பயன்படுத்தினால் எல்லை 1/3 என்று வரும்; அதை 2! ஆல் வகுக்க 1/6. விடை சரிதான், ஆனால் தொடர் வழியில் மூன்று வரிகளில் முடிந்தது இங்கே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த 0/0 எல்லையை எளிதில் காண விரும்புபவர் தொகுதியைத் தொடராக விரிக்கவே முற்படுவார். விரித்தால் z³/3 என்று உடனே கிடைக்கும். அப்படியானால் முதலிலேயே தொடரை எடுத்திருக்கலாம்.

இவ்வாய்பாடு மிளிர்வது, துருவத்தை உண்டாக்கும் காரணி பகுதியில் வெளிப்படையாக நிற்கும்போது. 1/(z²+1)³ க்கு z = i இல் மூன்றாம் வரிசைத் துருவம். (z−i)³ ஆல் பெருக்கினால் அக்காரணி முழுதும் நீங்கி (z+i)^(−3) எஞ்சுகிறது. இருமுறை வகையிட 12(z+i)^(−5); அதன் பாதியில் z = i என்று பிரதியிட 6/(2i)⁵ = −3i/16. மேல் அரைத்தளத்தில் வேறு துருவம் இல்லாததால், 1/(1+x²)³ இன் −∞ முதல் ∞ வரையிலான தொகையீடு 2πi × (−3i/16) = 3π/8. எல்லை எடுக்கும் வேலையே இல்லை. ஆக, பெருக்கிய பிறகு காரணி வெட்டுப்பட்டு மறைகிறதா, அல்லது z/sin z போல 0/0 ஆக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே இவ்வழியை எடுப்பதா விடுவதா என்பதற்கான சோதனை.

m பற்றிப் பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. m உண்மையான வரிசைக்குச் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதைவிடப் பெரிதாக இருந்தாலும் வாய்பாடு சரியான விடையையே தரும். (z−a)^m ஆல் பெருக்கியபின் கிடைப்பது டெய்லர் தொடர். அதில் (m−1) ஆம் அடுக்கின் கெழுவை எடுக்கிறோம். அது எப்போதும் பழைய 1/(z−a) இன் கெழுவே. இதனால் (1 − cos z)/z⁵ க்கு உண்மை வரிசை 3 என்றாலும் m = 5 என்று வைப்பதே வசதி: பெருக்கினால் 1 − cos z மட்டும் மிஞ்சும், அதன் நான்காம் வகைக்கெழு −cos z, z = 0 இல் −1; 4! ஆல் வகுக்க எச்சம் −1/24. m = 3 என்று "சரியாக" வைத்தவர் (1 − cos z)/z² ஐ இருமுறை வகையிட்டு மீண்டும் 0/0 இல் மாட்டிக்கொள்வார்.

m ஐக் குறைத்து வைத்தால் என்ன ஆகும்? துருவத்தின் ஒரு பகுதி நீங்காமல் நிற்கும். வகையிடல் அதன் வரிசையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே எல்லை முடிவிலிக்குச் செல்லும். மூன்றாம் அளவுகோலின்படி இது இவ்வழியின் நற்குணம்: வரிசையில் செய்யும் தவறு ஒன்று தீங்கற்றது, அல்லது தானே கத்திச் சொல்லிவிடும். வகையிடுவதில் நேரும் குறித்தவறுகள் மட்டுமே சத்தமின்றி நுழையக்கூடியவை.

## வழி 3: எளிய துருவத்திற்கான g/h′

f = g/h என்று எழுதி, h(a) = 0, h′(a) ≠ 0 என்றிருந்தால் எச்சம் g(a)/h′(a). g, h இரண்டும் a இல் பகுமுறையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் நிபந்தனை. நம் சார்பில் z = nπ (n ≠ 0) என்ற புள்ளிகளுக்கு g = 1/z², h = sin z என்று பிரித்தால், எச்சம் 1/(n²π² cos nπ) = (−1)ⁿ/(n²π²). முடிவிலா எண்ணிக்கையிலான துருவங்களுக்கு ஒரே வரியில் விடை. இங்கே தொடர் எழுத விரும்பினால் w = z − nπ என்று மாற்றி 1/(nπ + w)² ஐயும் sin ஐயும் தனித்தனியே விரிக்க வேண்டும்; அதற்குத் தேவையே இல்லை.

பகுதியைக் காரணிப்படுத்தக் கடினமாக இருக்கும்போது இவ்வழிக்கு நிகர் இல்லை. 1/(z⁴+1) க்கு a⁴ = −1 என்ற மூலத்தில் எச்சம் 1/(4a³) = a/(4a⁴) = −a/4. மேல் அரைத்தளத்தின் இரு மூலங்களைக் கூட்டினால் −i√2/4, தொகையீடு π/√2. நான்கு காரணிகளாகப் பிரித்து மூன்று வித்தியாசங்களைப் பெருக்கியிருந்தால் குறித்தவறு நேர எத்தனை வாய்ப்புகள்!

தவறு நேர்ந்தால் இதுவும் எச்சரிக்கும்: துருவம் எளியது அல்லாதபோது h′(a) சுழியாகி, வகுக்க முடியாமல் நின்றுவிடும். தற்செயலாக g(a) உம் சுழியாக இருந்து h′(a) சுழியல்லாமல் இருந்தால் விடை 0. அதுவும் சரியே, ஏனெனில் அப்போது புள்ளி நீக்கத்தக்கது.

இரண்டு வழிகளில் கிடைத்த எச்சங்களை ஒன்றோடொன்று மோதவிட்டும் பார்க்கலாம். |z| = (N + ½)π என்ற வட்டங்களில் 1/sin z வரம்புக்குள் இருப்பதால், f இன் தொகையீடு N பெருகப் பெருகச் சுழியை நெருங்குகிறது. எனவே எல்லா எச்சங்களின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும்: 1/6 + (2/π²) Σ (−1)ⁿ/n² = 0. இதிலிருந்து 1 − 1/4 + 1/9 − 1/16 + … = π²/12 என்ற அறியப்பட்ட முடிவு வெளிவருகிறது. சுழியத்தில் கண்ட 1/6 இல் பிழை இருந்திருந்தால் இங்கே வெளுத்திருக்கும்.

## வழி 4: முடிவிலியில் எச்சம்

ஒரு வட்டத்துக்குள் பல சிறப்புப்புள்ளிகள் இருந்து, கேட்கப்படுவது அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே என்றால், ஒவ்வொன்றாகக் காண்பது ஏன்? எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள வளையத்தில் சார்பை விரித்து, 1/z இன் கெழுவை எடுத்தால் அதுவே கூட்டுத்தொகை. முடிவிலியில் எச்சம் என்பது அதன் எதிர்க்குறி. e^(1/z)/(1−z) ஐ |z| = 2 இல் பார்த்தால், உள்ளே இன்றியமையாத சிறப்புப்புள்ளி ஒன்றும் எளிய துருவம் ஒன்றும் இருக்கின்றன. தனித்தனியே கண்டால் z = 0 இல் 1/1! + 1/2! + 1/3! + … = e − 1, z = 1 இல் −e; கூட்டினால் −1. வெளியிலிருந்து பார்த்தால், |z| பெரிதாகும்போது e^(1/z) = 1 + 1/z + …, 1/(1−z) = −1/z − 1/z² − …; பெருக்கத்தில் 1/z இன் கெழு −1. முடிந்தது.

செலவு இரண்டு. குறியை மறப்பது ஒன்று. மற்றது, முடிவிலியே தனித்த சிறப்புப்புள்ளியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நம் 1/(z² sin z) க்குத் துருவங்கள் முடிவிலிவரை நீள்வதால் இவ்வழி அங்கே செல்லாது. அதனால்தான் மேலே வட்டங்களைப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

## அருகருகே

| | தொடர் | வகைக்கெழு | g/h′ | முடிவிலி |
|---|---|---|---|---|
| வகை முன்பே தெரிய வேண்டுமா | வேண்டாம் | துருவம் என்று தெரிந்தால் போதும் | எளிய துருவம் | எல்லாம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும் |
| உழைப்பு | நடுத்தரம் | காரணி வெட்டுப்பட்டால் குறைவு, இல்லையேல் மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு |
| தவறு வெளிப்படுமா | இல்லை | வரிசைத் தவறு வெளிப்படும் | வெளிப்படும் | இல்லை |
| உகந்த இடம் | இன்றியமையாதவை; sin, cos, e^z கலந்த உயர்வரிசைத் துருவங்கள் | விகிதமுறு சார்புகள் | காரணிப்படாத பகுதி | பல புள்ளிகளின் கூட்டுத்தொகை |

## எண்வழிச் சரிபார்ப்பு

தொடர் வழியின் தவறு வெளியே தெரியாது என்பதால், அதனோடு ஒரு சரிபார்ப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. a ஐச் சுற்றிய வட்டத்தில் சம இடைவெளியில் N புள்ளிகளை எடுத்து f(z)(z−a) இன் சராசரியைக் கண்டால் எச்சம் கிடைக்கும்:

```python
import cmath
def res(f, a, r, N=16):
    s = 0
    for k in range(N):
        w = r * cmath.exp(2j * cmath.pi * k / N)
        s += f(a + w) * w
    return s / N

print(res(lambda z: 1/(z*z*cmath.sin(z)), 0, 1))
```

வெறும் 16 புள்ளிகளிலேயே 1/6 எட்டுத் தசம இடங்கள்வரை பொருந்தும். காரணம், இச்சராசரியில் பிழையாகக் கலப்பது 1/z இலிருந்து 16 அடுக்குகள் தள்ளியுள்ள கெழுக்கள் மட்டுமே. z¹⁵ இன் கெழு இங்கே ஏறத்தாழ 2/π¹⁸, அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது.

ஆரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். r = 4 என்று வைத்தால் ±π இரண்டும் வட்டத்துக்குள் வந்துவிடும்; N ஐப் போதிய அளவு கூட்டினால் கிடைப்பது 1/6 − 2/π², ஏறத்தாழ −0.036. ஆகவே இரண்டு வெவ்வேறு ஆரங்களில் ஓட்டிப் பாருங்கள். N ஐ இரட்டிப்பாக்கிய பிறகும் இரு விடைகளும் வேறுபட்டே நின்றால், இரு வட்டங்களுக்கும் இடையில் நீங்கள் எண்ணாமல் விட்ட சிறப்புப்புள்ளி ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.